கமிஷன் கடைச் சீட்டு

அப்பாவுக்கு ஒட்டன்சத்திரம் பக்கம் மூன்று ஏக்கர். தக்காளியும் முருங்கையும் போடுவார். தக்காளி பறித்த நாள் ராத்திரியே பெட்டிகள் வண்டியேறி மார்க்கெட்டுக்குப் போய்விடும். மறுநாள் மதியம் கமிஷன் கடையிலிருந்து ஒரு சீட்டு வரும். இத்தனை பெட்டி, பெட்டி இன்ன விலை, அதில் கமிஷன் நூற்றுக்குப் பத்து, இறக்குக் கூலி, வண்டி வாடகை எல்லாம் கழித்து மீதி இவ்வளவு. பள்ளிக்கூடம் படிக்கும்போது அந்தச் சீட்டைக் கூட்டிச் சரிபார்ப்பது என் வேலை. ஒரு தடவை, "நம்ம தக்காளிய யாருப்பா வாங்குனது?" என்று கேட்டேன். "அது கடைக்காரருக்குத்தான் தெரியும்" என்றார். அதற்குமேல் அவருக்கு அதில் அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

இருபது வருடம் கழித்து நானும் ஒரு கமிஷன் கடையில்தான் சரக்கு இறக்கிக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் உறைத்தது. என் சரக்கு தக்காளி இல்லை. வெளிநாட்டுச் சின்னக் கடைக்காரர்களின் இணையக் கடைகளை, குறிப்பாக வேர்ட்பிரஸில் வூகாமர்ஸ் போட்டு நடத்துகிறவர்களின் கடைகளை, ஓடவைப்பது என் வேலை. பணம் கட்டும் பக்கம் திடீரென்று நின்றுவிடும், ஒரு பிளகின்னை அப்டேட் செய்ததும் கூப்பன் வேலை செய்யாது, போனில் திறந்தால் பக்கம் வருவதற்குள் வாங்க வந்தவன் போய்விடுவான். இப்படிப்பட்ட ரிப்பேர்கள். 2018இல், வேலை தருபவரையும் செய்பவரையும் சேர்த்துவைத்துக் கழிவு எடுக்கும் ஒரு ஃப்ரீலான்ஸ் தளத்தில் கணக்குத் தொடங்கினேன், 2022இல் வெளியே வந்தேன், 2024இல் மறுபடி உள்ளே போனேன். போன மாதம் திண்டுக்கல்லில் இருந்து ஒரு தம்பி போன் செய்து, "அண்ணே, தளத்துல இருக்கட்டுமா, நேரா கிளையண்ட் பிடிக்கட்டுமா?" என்று கேட்டான். முன்பென்றால் யோசிக்காமல் "நேராத்தான்டா" என்றிருப்பேன். இந்தத் தடவை வாய் வரவில்லை. "நாளைக்குக் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டேன். அந்த நாளை இன்னும் வராததால்தான் இதை எழுதுகிறேன்.

## பத்து சதவீதம் என்னைக் கடிக்கவில்லை

ஃப்ரீலான்சர்கள் நாலு பேர் கூடினால் முதலில் திட்டுவது கமிஷனைத்தான். ஃபைவர் என்ற தளத்தில் ஒவ்வொரு ஆர்டரிலும் 20 சதவீதம் போகும். அப்வொர்க் என்ற தளம் 2016இல் ஒரு படிக்கட்டு முறை வைத்தது. ஒரே கிளையண்டிடம் முதல் 500 டாலர் வரை 20 சதவீதம், அதற்குமேல் பத்தாயிரம் வரை 10, அதையும் தாண்டினால் 5. 2023 மே மாதம் அதை எடுத்துவிட்டு எல்லோருக்கும் ஒரே 10 சதவீதம் என்றார்கள். 2025 மே முதல் புது ஒப்பந்தங்களுக்கு வேலையைப் பொறுத்து 0 முதல் 15 வரை மாறும் என்கிறார்கள். இந்த மாற்றங்களைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும். படிக்கட்டு முறையில் பழைய கிளையண்டைக் காப்பாற்றி வைத்தவனுக்குக் கழிவு குறைந்துகொண்டே போனது. ஒரே விகிதமாக்கியபோது புதிதாக வந்தவனுக்கு 20 பாதியானது, பழையவனுக்கு 5 இரண்டு மடங்கானது. சரியா தப்பா என்பது வேறு பேச்சு. இரண்டு பேரிடமும் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

நான் இருந்த தளத்தின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே எனக்குக் கழிவு 10 சதவீதம். மாதம் 720 டாலர் சம்பாதித்தால் 72 போகும். மணிக்கு 18 டாலர், மாதம் நாற்பது மணி நேரம் என்று வேலை கொடுத்த ஓர் ஆஸ்திரேலியக் கிளையண்டின் கணக்கு இது. மெழுகுவர்த்தி செய்கிறவர்களுக்கு மெழுகு, திரி, அச்சு, வாசனை எண்ணெய் விற்கிற கடை. 72 டாலர் போவது கண்ணுக்குத் தெரிந்ததால் வலித்தது, ஆனால் என்னைக் கடிக்கவில்லை. அதற்கு ஈடாக, முன்பின் தெரியாத ஒருவர் ஒட்டன்சத்திரத்துக்காரனை நம்பிக் கடையின் சாவியைக் கொடுத்தார், பணம் வாரா வாரம் தவறாமல் வந்தது. என்னைக் கடித்தது வேறு.

## ஏழு பேர் கையில் என் பெயர்

2021 ஜூன். பூக்கடை நடத்தும் ஒருவர், டெலிவரி தேதியை வாடிக்கையாளரே தேர்ந்தெடுக்க ஒரு காலண்டர் கேட்டார். 150 டாலர் வேலை. செய்து கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூடவேண்டும் என்றார், செய்தேன். பண்டிகை நாட்களில் விலை மாறவேண்டும் என்றார், அதையும் செய்தேன். நான்காவது தடவை ஊருக்கு ஊர் தனித்தனி நேரம் என்றபோது, இது புது வேலை, தனியாக 60 டாலர் ஆகும் என்று எழுதினேன். மனிதர் ஒன்றும் பேசாமல் ஒப்பந்தத்தை முடித்து, முழுப் பணமும் கொடுத்து, இரண்டு நட்சத்திரம் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு நட்சத்திரத்தால் என்ன ஆகிவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். மொத்தம் 46 பேர் எனக்கு மதிப்பீடு போட்டிருந்தார்கள். மற்ற எல்லாமே ஐந்து. ஆனால் எங்கள் தளம் தேடலில் யாரை முன்னால் காட்டுவது என்று முடிவு செய்ய முதலில் பார்ப்பது கடைசி ஆறு மாதத்தில் முடிந்த ஒப்பந்தங்களை. அந்த ஆறு மாதத்தில் எனக்கு முடிந்த ஒப்பந்தங்கள் ஏழுதான். ஆறு ஐந்துகள், ஓர் இரண்டு. சராசரி 4.57. இந்த வேலையில் இருப்பவர்களுக்கு அது என்ன எண் என்று தெரியும். 4.8க்குக் கீழே போனால் நிறையக் கிளையண்ட்களின் பில்டரிலேயே நாம் விழமாட்டோம்.

சரி, ஆறு மாதத்தில் ஏன் ஏழே ஏழு? வேலை இல்லாமல் இல்லை. என் வருமானத்தில் முக்கால் பங்கு இரண்டு கிளையண்ட்களிடமிருந்து வந்தது. ஒருவர் மெழுகுக்காரர், இன்னொருவர் சைக்கிள் உதிரிபாகக் கடைக்காரர். இருவரும் ஒரு வருடத்துக்கும் மேலாக என்னை விடவே இல்லை. விடாததால் ஒப்பந்தம் முடியவில்லை, முடியாததால் மதிப்பீடும் போடவில்லை. மாதா மாதம் பணம் கொடுத்து என்மேல் திருப்தியாக இருந்த இரண்டு பேருடைய கருத்து கணக்கிலேயே சேரவில்லை. அரை நாள் வேலை கொடுத்த ஏழு பேர் சேர்ந்து என் பெயரைத் தீர்மானித்தார்கள். எவ்வளவு நல்ல கிளையண்டை எவ்வளவு நாள் வைத்திருக்கிறோமோ, அவ்வளவுக்கு நம் ரேட்டிங் சில்லறை வேலைகளின் கையில் போய்விடுகிறது. யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது, அப்போது வரவில்லை.

அடிபட்டதைத் தளம் யாருக்கும் சொல்லாது. நாமேதான் கண்டுபிடிக்கவேண்டும். வாரத்துக்கு நாற்பது பேர் பார்த்த என் புரொஃபைலை ஜூலை மூன்றாம் வாரம் ஒன்பது பேர் பார்த்திருந்தார்கள். வாரம் ஐந்தாறு பேர் தாமாக அழைத்த இடத்தில் ஒன்று வந்தது, அதுவும் பாதி விலைக்கு. நான் அனுப்பும் விண்ணப்பங்களுக்கும், அதாவது புரபோசல்களுக்கும், இதே கதி. அந்த மூன்று மாதத்தில் நாற்பது அனுப்பினேன், பதில் வந்தது இரண்டுக்கு. ஒவ்வொன்றுக்கும் தளத்திடம் காசு கொடுத்து டோக்கன் வாங்கவேண்டும் என்பது தனி. கமிஷன் கடையில் கடைக்காரரிடம் காசு கொடுத்து நம் பெட்டியை முன்வரிசையில் வைப்பது மாதிரி என்று அப்பாவிடம் விளக்கினேன். அப்படியும் ஒரு பழக்கம் உண்டா என்று ஆச்சரியப்பட்டார்.

இதற்கு மருந்து ஒன்று இருந்தது. தெரிந்தபோது நோய் முற்றியிருந்தது. நீண்ட நாள் கிளையண்டின் ஒப்பந்தத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை முடித்து, மதிப்பீடு வாங்கிக்கொண்டு, அன்றே புதிதாகத் தொடங்கலாம். இது எந்த விதிக்கும் எதிரானது இல்லை. மெழுகுக்காரரிடம் காரணத்தைச் சொல்லிக் கேட்டேன். "இதை முன்பே சொல்லியிருக்கலாமே" என்று எழுதிவிட்டு ஐந்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார். சைக்கிள்காரரும் அப்படியே. அக்டோபரில் என் எண் மறுபடி ஏறத் தொடங்கியது. ஆனால் அந்த மூன்று மாதம் மனதில் ஒரு விஷயத்தைப் போட்டுவிட்டுப் போனது. நான் மூன்று வருடமாகச் சேர்த்த பெயர் என்னிடம் இல்லை. அதைக் கழற்றி வேறு இடத்தில் மாட்ட முடியாது. 46 பேர் எழுதிய நல்ல வார்த்தைகளும் அந்தச் சுவருக்குள்தான் நிற்கும்.

## மார்ச் வரை பொறு

அந்த நவம்பரில் மெழுகுக்காரரே கேட்டார். ஒரு வீடியோ அழைப்பின் முடிவில், தளத்தில் அவரும் தனியாக ஒரு கட்டணம் கட்டுவதாகவும், ஏன் நேராகவே பணம் அனுப்பக்கூடாது என்றும். மனம் அங்கேயே ஆமாம் என்றுவிட்டது.

இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். தளத்தில் அறிமுகமான கிளையண்டிடம் வெளியே பணம் வாங்கக்கூடாது என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். அது நிரந்தரத் தடை இல்லை, ஒரு காலக்கெடு. அப்வொர்க்கில் இரண்டு ஆண்டு, எங்கள் தளத்திலும் அதேதான். அதற்கு முன்பே வெளியே போகவேண்டுமானால் தளத்துக்கு ஒரு விடுவிப்புக் கட்டணம் கட்டலாம். அந்தக் கிளையண்டிடம் ஒரு வருடத்தில் எவ்வளவு வேலை வரும் என்று மதிப்பிட்டு அதில் ஒரு பங்காக அது வரும், சின்னத் தொகை இல்லை. இரண்டையும் விட்டுவிட்டு மெசேஜில் மெயில் முகவரியை எழுத்து எழுத்தாக இடைவெளி விட்டு அனுப்பி மாட்டிக்கொண்ட இரண்டு பேரை எனக்குத் தெரியும். ஒருவருக்கு எச்சரிக்கை. இன்னொருவருக்குக் கணக்கே போனது, கூடவே ஆறு வருட மதிப்பீடுகளும்.

இதில் கவனிக்கவேண்டியது, இரண்டு ஆண்டு எந்த நாளிலிருந்து என்பது. கடைசி வேலை முடிந்த நாளிலிருந்து என்று பலர் நினைத்துக்கொண்டு பயப்படுகிறார்கள். அப்படியானால் தொடர்ந்து வேலை செய்கிறவனுக்கு அது வரவே வராது. தளத்தின் வழியாக அந்தக் கிளையண்டை முதன்முதலில் சந்தித்த நாளிலிருந்துதான் எண்ணவேண்டும். பழைய மெசேஜ்களைப் புரட்டினேன். மெழுகுக்காரர் எனக்கு முதலில் எழுதியது 2020 மார்ச் 11. "மார்ச் வரை பொறுங்கள், அதன்பின் நேராகவே செய்யலாம்" என்றேன். அவர் நாட்டுக்காரர்களுக்கு இந்த மாதிரி விதி பார்த்து நடப்பது பிடிக்கும் போல. அதற்கப்புறம்தான் என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார் என்று தோன்றியது.

2022 ஏப்ரலில் முதல் நேரடி இன்வாய்ஸ், 720 டாலர். இனி 72 டாலர் நமக்கு என்று கணக்குப் போட்டிருந்தேன். எல்லோரும் பயன்படுத்துகிறார்களே என்று பெயர் தெரிந்த ஒரு பணப்பரிமாற்ற நிறுவனத்தின் வழியாக வாங்கினேன். வெளிநாட்டிலிருந்து வரும் பணம் என்பதால் 4.4 சதவீதம் முதலில் போனது. அது ஏறக்குறைய 32 டாலர். மீதியை ரூபாயாக மாற்றும்போது சந்தை விலையைவிட மூன்றரை சதவீதம் குறைத்துப் போட்டார்கள். அது 24. ஆக 56 டாலர். இரண்டு வருடம் காத்திருந்து நான் மிச்சம் பிடித்தது 16 டாலர். அன்று ராத்திரி மனைவியிடம் சொல்லவே இல்லை.

இரண்டாவது மாதமே மாற்றிக்கொண்டேன். ஆஸ்திரேலியாவில் ஓர் உள்ளூர்க் கணக்கு எண் நம் பெயரில் கிடைக்கும்படி செய்யும் சேவைகள் இருக்கின்றன. அவர் தன் நாட்டுப் பணத்தில் உள்ளூர்க்காரருக்கு அனுப்புவதுபோல அனுப்புவார், அது ரூபாயாக மாறி என் வங்கிக்கு வரும். மொத்தச் சேதாரம் ஒரு சதவீதத்தை ஒட்டித்தான். கூடவே எஃப்ஐஆர்ஏ என்ற சான்று வரும், வெளிநாட்டுப் பணம் இன்ன காரணத்துக்காக வந்தது என்பதற்கு ஆதாரம். என் வேலைக்கு P0802 என்ற காரணக் குறியீடு போடுகிறார்கள். ஆடிட்டர் வருடக் கடைசியில் கேட்பது இதைத்தான், அதனால் ஒவ்வொன்றையும் தேதி போட்டு ஒரு ஃபோல்டரில் வைக்கிறேன். ஜிஎஸ்டியைப் பற்றி நிறையப் பேர் கவலைப்படுகிறார்கள். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பதிவே வேண்டியதில்லை. தாண்டினால் பதிவு செய்து எல்யூடி என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்துவிட்டால், ஏற்றுமதிச் சேவைக்கு வரி கட்டாமலே பில் போடலாம்.

## நோட்டுக் கணக்கு

மெழுகுக்காரர் நேரடியானதும் எனக்குத் தலை கனத்துவிட்டது. எல்லாரையும் நேராகவே பிடித்துவிடலாம் என்று கிளம்பினேன். ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக் கடைகளாக அறுபதைப் பொறுக்கி எடுத்து மெயில் அனுப்பினேன். "நான் பத்து வருட அனுபவமுள்ள டெவலப்பர்" என்று தொடங்கும் மெயிலை யாரும் படிப்பதில்லை என்று தெரியும். அதனால் ஒவ்வொரு கடையிலும் போனில் ஒரு பொருளைக் கூடையில் போட்டு, பணம் கட்டும் பக்கம் வரை போய்ப் பார்ப்பேன். ஏதாவது ஒன்று இடறும். ஒரு கடையில் அஞ்சல் எண் கேட்கும் பெட்டியைத் தொட்டால் எண்களுக்குப் பதில் எழுத்துக் கீபோர்டு வந்தது. இன்னொன்றில் அனுப்பும் செலவு கடைசிப் பக்கத்தில்தான் தெரிந்தது. அந்த ஒரு குறையை ஸ்கிரீன்ஷாட்டோடு நாலு வரியில் எழுதி, இதைச் சரிசெய்ய இவ்வளவு ஆகும் என்று அனுப்புவேன். ஒரு கடைக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது.

அறுபதில் ஏழு பேர் பதில் எழுதினார்கள். மூன்று பேர் பேசினார்கள். ஒருவர் கிளையண்ட் ஆனார், மாதம் 300 டாலருக்குப் பராமரிப்பு வேலை. மற்ற ஆறில் இரண்டு பேர் நன்றி சொல்லிவிட்டு அந்தக் குறையைத் தாங்களே சரிசெய்துகொண்டார்கள். அதுவும் நியாயம்தான்.

அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து முருங்கைக்காயைக் கட்டுக் கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தார். முருங்கையை அவர் கமிஷன் கடைக்கு அனுப்புவதில்லை. பழனி உழவர் சந்தைக்கு அவரே பஸ்ஸில் கொண்டுபோவார். உழவர் சந்தை 1999இல் மதுரை அண்ணா நகரில் தொடங்கியபோதே அதன் அடிப்படை இதுதான், இடையில் தரகர் கிடையாது, விளைவித்தவரே அடையாள அட்டையோடு உட்கார்ந்து விற்கவேண்டும். "அப்ப தக்காளியயும் அங்கயே கொண்டு போலாமில்ல, பத்துப் பர்சென்ட் மிச்சம்" என்றேன். கட்டுவதை நிறுத்தாமல் சொன்னார். "நாப்பது பெட்டிய அங்க உக்காந்து எவன்டா விப்பான்? முருங்கக்கா ரெண்டு மூட்டை. எட்டு மணிக்குள்ள தீந்துரும், தீரலைன்னாலும் நாளைக்கு வரைக்கும் நிக்கும். தக்காளி நிக்குமா?"

திண்ணையில் உட்கார்ந்து என் நோட்டை எடுத்தேன். அறுபது மெயிலுக்கு இருபத்தைந்து மணி நேரம். நினைவூட்டல், அழைப்பு எல்லாம் சேர்த்து இன்னும் ஏழு. ஆக முப்பத்திரண்டு மணி நேரம், என் மணிக்கூலி 18 டாலர் என்று வைத்தால் 576 டாலர். ஒரு கிளையண்டுக்காக நான் செலவழித்தது அது. தளத்தில் நல்ல காலத்தில் பன்னிரண்டு புரபோசலுக்கு ஒரு கிளையண்ட் கிடைத்துக்கொண்டிருந்தது. அது ஐந்து மணி நேரம், 90 டாலர். டோக்கனுக்கு 20. மொத்தம் 110. வித்தியாசம் 466 டாலர். மாதம் 300 டாலர் கிளையண்டிடம் தளம் எடுக்கும் கமிஷன் 30. நேரடியில் பணம் மாற்றும் செலவு 3 போனாலும் எனக்கு மிச்சம் 27. 466ஐ 27ஆல் வகுத்தால் பதினேழு மாதத்துக்குப் பக்கம்.

பதினேழு மாதம் அந்த ஆள் என்னோடு இருந்தால்தான் நேராகப் பிடித்ததில் எனக்கு ஒரு பைசா லாபம் தொடங்கும். அதற்குள் போய்விட்டால் தளத்தின் கமிஷனே மலிவு. இத்தனை நாளும் நான் திட்டிக்கொண்டிருந்த பத்து சதவீதம், ஆளைக் கண்டுபிடித்துக் கொடுக்கிற கூலியாகப் பார்த்தால் அடிமாட்டு விலை. அதே பத்து சதவீதம், கண்டுபிடித்து மூன்று வருடம் ஆனபிறகும் மாதா மாதம் போகும்போதுதான் கொள்ளை. வீட்டுத் தரகர் ஒரு மாத வாடகையை வாங்கிக்கொண்டு போய்விடுவார், வருடா வருடம் வந்து நிற்கமாட்டார். கமிஷன் கடைக்காரர் நிற்பார், ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் புதிதாக விற்றுக் கொடுக்கிறார். தளம் முதல் மாதம் கமிஷன் கடை, இருபதாவது மாதம் என்னவென்று எனக்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை.

மணிக்கூலி கூடக்கூட இந்தக் கணக்கு மாறும் என்பதையும் சொல்லவேண்டும். மாதம் 1,500 டாலர் தரும் கிளையண்டாக இருந்தால் அதே 466 மூன்றரை மாதத்தில் வந்துவிடும். 40 டாலர் சில்லறை வேலையென்றால் நேரடி பற்றி யோசிக்கவே கூடாது. ஒரு கிளையண்ட் இன்னொருவரிடம் நம்மைச் சொல்லிவிட்டால் தேடும் செலவே கிடையாது, கணக்கே வேண்டாம். என் நல்ல கிளையண்ட்களில் இரண்டு பேர் அப்படி வந்தவர்கள்தான். ஆனால் அது நாம் வேண்டும்போது வருவதில்லை.

இந்தக் கணக்கில் நான் சேர்க்காத ஒன்றும் இருந்தது. அந்த வருடக் கடைசியில் ஒரு நேரடிக் கிளையண்ட் 340 டாலர் வேலையை வாங்கிக்கொண்டு காணாமல் போனார். தளத்தில் அப்படி ஆகாது, வேலை தொடங்கும் முன்பே பணத்தை அவர்கள் வாங்கிப் பிடித்து வைத்திருப்பார்கள். வேறு நாட்டில் இருக்கும் ஒருவர்மேல் 340 டாலருக்கு வழக்குப் போடவா முடியும்? அதற்கப்புறம் பராமரிப்பு வேலைக்கு மாதத்தின் முதல் தேதியே முன்பணம், புது வேலைக்குப் பாதி முன்னால், மீதி கையில் வந்தபிறகுதான் மாற்றங்களைச் சோதனைப் பிரதியிலிருந்து அசல் கடைக்கு ஏற்றுவது என்று வைத்துக்கொண்டேன். இதைக் கேட்டுத் தயங்கியவர்கள் இருவர். அவர்கள் தயங்கியதே நல்லதாகப் போயிற்று என்று நினைக்கிறேன்.

## ஒரே ஒரு மெயில்

2024 ஆகஸ்ட். மெழுகுக்காரரிடமிருந்து மெயில். கடையை விற்றுவிட்டார். வாங்கியவர்களுக்குச் சொந்த டெக்னிக்கல் ஆட்கள் இருக்கிறார்கள். ரொம்ப நன்றி, ஒரு மாதம் கூடுதலாகப் பணம் அனுப்பியிருக்கிறேன், உங்களுக்கு எங்கே வேண்டுமானாலும் சான்றுக் கடிதம் தருகிறேன் என்றிருந்தார். தங்கமான மனிதர். என் மாத வருமானத்தில் பாதி அந்த ஒரே மெயிலில் போய்விட்டது.

நேரடிக் கிளையண்ட் என்றால் கட்டுப்பாடு நம் கையில் என்று நானே பத்துப் பேருக்குச் சொல்லியிருக்கிறேன். கமிஷன் போவதில்லை, விதியை யாரும் மாற்றுவதில்லை, மெயில் முகவரி என்னிடம் இருக்கிறது, அவர் எனக்கு எழுதிக் கொடுத்த நாலு வரிகளை என் வலைத்தளத்தில் போட்டுக்கொள்ளலாம். எல்லாம் உண்மை. ஆனால் பாதி வருமானம் ஒருவரிடமிருந்து வந்தால் கட்டுப்பாடு அவரிடம்தான் இருக்கிறது. தளம் ஒரு கெட்ட மதிப்பீட்டுக்கு மூன்று மாதம் எடுத்துக்கொண்டது. நல்ல மனிதர் ஒரு நாளில் முடித்துவிட்டார்.

தளத்துக்குத் திரும்பினேன். இரண்டரை வருடமாகத் திறக்காத வீடு மாதிரி இருந்தது. பழைய மதிப்பீடுகள் அப்படியே தொங்கின, ஆனால் ஆறு மாதக் கணக்கில் ஒன்றுமே இல்லை. எண் இருந்த இடத்தில் வெறும் கோடு. வாரத்துக்கு இரண்டு பேர் பார்த்தார்கள், அதில் ஒன்று நானாக இருக்கலாம். நாற்பது டாலர் வேலையிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். என் தலைப்பை மட்டும் "வேர்ட்பிரஸ் டெவலப்பர்" என்பதிலிருந்து, வூகாமர்ஸ் பணம் கட்டும் பக்கக் கோளாறுகளைச் சரிசெய்பவன் என்று மாற்றினேன். முன்னதில் என்னைப்போல ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். கடை நின்றுபோய்ப் பதறிக்கொண்டு தேடுகிறவர் தேடுவது பின்னதை. எண் இல்லாதவனையும் அது மூன்றாவது வாரத்தில் ஒருவர் கண்ணில் காட்டியது. ஐந்து மாதத்தில் ஆறு ஐந்து நட்சத்திரங்கள் சேர்ந்தன.

இப்போது வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு தளத்திலிருந்து வருகிறது, மீதி நேரடி. அந்த மூன்றில் ஒரு பங்குக்கு அதிக நேரம் போகிறது என்பது நோட்டில் இருக்கிறது. ஆனாலும் இரண்டு மாதத்துக்கு ஒரு சின்ன வேலையாவது அங்கே முடித்துவிடுகிறேன், எண் மறுபடி கோடாகிவிடக்கூடாது என்பதற்காக. யாராவது ஒரே ஆள் நாற்பது சதவீதத்தைத் தாண்டினால் அந்த மாதம் வரவு நன்றாக இருந்தாலும் பத்து மெயில் எழுதுகிறேன். சோம்பேறித்தனமாக இருக்கும். எழுதுவேன்.

திண்டுக்கல் தம்பிக்கு என்ன சொல்வது என்று இன்னும் ஒரு வாக்கியமாக வரவில்லை. அவன் மணிக்கு எட்டு டாலருக்கு வேலை செய்கிறான், கையில் நான்கு மதிப்பீடுகள். அறுபது மெயில் எழுத முப்பது மணி நேரம் அவனிடம் இருக்கிறது, ஆனால் பதினேழு மாதம் காத்திருக்கிற வசதி இல்லை. இந்த வருடம் அங்கேயே இரு, ஒப்பந்தங்களைத் திறந்தபடி போட்டு வைக்காதே, ஒரு நோட்டு வாங்கு என்று மட்டும் சொல்லலாம் என்றிருக்கிறேன்.

என் நோட்டில் புதிதாக ஒரு பத்தி சேர்ந்திருக்கிறது. போன வாரம் நியூசிலாந்தில் தேன் விற்கும் ஒருவர் தளத்தில் எழுதினார். 60 டாலர் வேலை. கடை நன்றாக இருக்கிறது, கேள்வி கேட்கும் விதமும் நன்றாக இருக்கிறது, நீடிப்பார் என்று தோன்றுகிறது. வேலையைத் தொடங்கும் முன் அவர் பெயருக்கு எதிரில் முதல் மெசேஜ் வந்த தேதியை எழுதி, அதற்குப் பக்கத்திலேயே இரண்டு வருடம் கூட்டி இன்னொரு தேதியையும் எழுதி வைத்தேன்.